இரண்டாம் செக்டர், சி பிளாக், பதினேழு

என் அக்காவுக்கு அரசாங்கம் ஒரு மனை கொடுத்தது. அந்த மனையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு நேர்ந்த கஷ்டங்களைப் பட்டியல் போட்டால், இதில் இரண்டாவதாகச் சொன்னதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அக்காவின் குடிசை பழவேற்காடு ஏரிக்கரையில் தாழ்வான இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி அவளைப் பார்க்க வரும். வந்தால் நான்கைந்து நாள் தங்கிவிட்டுத்தான் போகும். அரிசிப் பானையைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, கட்டிலுக்குக் கீழே நாலு செங்கல், அதற்கும் மேல் நாலு செங்கல் என்று அவள் பழகிவிட்டாள். கரையோரத்தில் இப்படி இருக்கிற குடும்பங்களுக்கு, திருப்பாலைவனம் தாண்டி பொன்னேரி போகிற ரோட்டில் ஒரு நகரியம் போட்டு மனை கொடுக்கிறார்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் வைத்துக் குலுக்கினார்கள். அக்காவின் பேர் வந்தது.

ஒதுக்கீட்டு ஆணையில் முன்பக்கம் 2-சி-17 என்று இருந்தது. பின்பக்கம் நிபந்தனைகள் இருந்தன. அதில் ஒன்றுதான் முக்கியம். அதிகாரி நேரில் வந்து பார்க்கும் நாளில், மனை பெற்றவர் ஆணையோடும் ஆதாரோடும் தன் மனையில் நிற்க வேண்டும். நிற்பவரை அங்கேயே வைத்துப் படம் எடுப்பார்கள். இரண்டு தடவை ஆள் இல்லை என்றால் மனை காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும்.

மனையில் நிற்பது. அவ்வளவுதான் வேலை. அக்கா இடுப்பளவு தண்ணீரில் அரை நாள் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவள். நிற்பதற்கு அவளைவிடத் தகுதியானவள் அந்தப் பட்டியலில் இருந்திருக்க மாட்டாள். எங்கே நிற்பது என்பதில்தான் நான் உள்ளே வந்தேன்.

என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது வரை படித்தவன் நான். புவியியலில் முப்பத்தாறு. முப்பத்தைந்து எடுத்தால் போதும். ஒரு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் செய்தவன். அதுபோக, சின்ன ஃபைபர் போட்டில் நண்டு வலை போடுகிறேன். ஏரியில் வலை போட்ட இடத்தை நான் தவறவிட்டதில்லை. அங்கே எண் கிடையாது. கலங்கரை விளக்கமும் ஒரு பனை மரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலை கிடக்கும்.

குலுக்கல் முடிந்த அன்று எல்லாரையும் வேனில் ஏற்றிப் போய் நகரியத்தைக் காட்டினார்கள். வேன் ஒரு மூலையில் நின்றது. ஊழியர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை வீசி, இதெல்லாம் சி பிளாக் என்றார். மற்றவர்கள் ஏதோ குறித்துக்கொண்டார்கள். நான் குறிக்கவில்லை. நேர் எதிரே தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் இடது காலோடு ஒட்டினாற்போல டிரான்ஸ்பார்மர். பார்த்துக்கொண்டேன். போதும் என்று அக்காவிடம் சொன்னேன்.

கிட்டத்து அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது, தூரத்தில் ஒன்று வேண்டும் என்பது ஏரியில் எனக்குத் தெரியும். ரோட்டில் ஏறியதும் அந்த அறிவு செருப்போடு கழன்றுவிடும் போலிருக்கிறது.

அதிகாரி வருகிற நாளன்று முதல் பஸ்ஸைப் பிடித்தோம். நகரியத்துக்குள் போனதும் தொட்டி தெரிந்தது. தொட்டியின் இடது காலோடு ஒட்டி டிரான்ஸ்பார்மர் தெரிந்தது. மூலைத் தூணில் சி என்று நீலத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு மனைக்கு முன்னாலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுக் கல், அதில் எண். 17 பளிச்சென்று இருந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மனை முழுக்க வேலிகாத்தான் முள். அதிகாரி வரும்போது மனை மனையாக இருக்க வேண்டும் என்று அக்கா நினைத்தாள். அரிவாள் கொண்டுவந்திருந்தாள். இரண்டு மணி நேரம் வெட்டினோம். வெட்டியதை இழுத்துப் போய்த் தெருவோரம் குவித்தோம். பாதி வேலையில் ஒரு பெரியவர் மொபெட்டில் வந்து இறங்கினார். திருப்பாலைவனத்தில் நெல் பயிரிடுகிறவர். ரோடு அகலப்படுத்தியதில் வயல் போனவர்களுக்கும் இங்கே மனை கொடுத்திருந்தார்கள். அவர் வண்டியை நிழலில் விட்டு, தண்ணீர் குடித்து, நாங்கள் வெட்டுவதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். இறால் இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டார். அதையும் சொன்னோம். வேலை முக்கால்வாசி முடிந்தபிறகு சட்டைப்பையிலிருந்து தன் ஆணையை எடுத்தார்.

"நம்பளுது ஒண்ணு-சி-பதினேழு. உங்களுது?"

சி-பதினேழு என்றேன்.

"அது சரி. முன்னாடி இன்னா போட்டுக்குது?"

பார்த்தேன். 2 என்று போட்டிருந்தது. அந்த 2-ஐ நான் முதல் நாளிலிருந்தே பார்த்துவந்தேன். இரண்டு பிரதிகளில் இது இரண்டாவது என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பெரியவரிடமும் சொன்னேன்.

"அது செக்டரு நைனா," என்றார். "ஊரு மாதிரி வச்சிக்க. பிளாக்கு தெரு மாதிரி. மனை நம்பரு கதவு நம்பரு. எல்லா ஊர்லயும் தெரு இருக்கும், எல்லா தெருவுலயும் பதினேழு இருக்கும். ஊர உட்டுட்டு கதவ தட்டினா எவன் தொறப்பான்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொட்டி இருக்கிறதே, டிரான்ஸ்பார்மர் ஒட்டி நிற்கிறதே என்று நான் இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் கையை நீட்டி அகலமான ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டினார். அங்கே ஒரு தொட்டி நின்றது. அதன் இடது காலோடு ஒட்டி ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. அதற்கும் அப்பால் இன்னொரு தொட்டி. நகரியத்தில் செக்டருக்கு ஒரு தொட்டி, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. கலங்கரை விளக்கத்தை யாரும் இப்படி மூன்று கட்டிவைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவன் நான்.

நாங்கள் கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: "அந்த மூலையில ஒரு செடி பாக்கி நிக்குது."

அக்கா போய் அதையும் வெட்டிவிட்டு வந்தாள்.

அதிகாரி அப்போது முதல் செக்டரில் ஏ பிளாக்கில் இருந்தார். இரண்டாம் செக்டரைக் காலையிலேயே முடித்துவிட்டாராம். கையிலிருந்த இடம் காட்டும் கருவியைத் தடவிப் பார்த்து, 2-சி-17, ஆள் இல்லை என்று போட்டாகிவிட்டது என்றார். விட்டுப்போனவர்களுக்கு அடுத்த மாதம் ஒரு நாள் உண்டு, ஆணையில் இருக்கிற போனுக்குத் தகவல் வரும் என்றார். நாங்கள் எங்கே இருந்தோம் என்று அவர் கேட்கவில்லை. அக்காவின் கையில் கீறல்களைப் பார்த்தார். அதையும் கேட்கவில்லை.

"அன்னைக்கும் இல்லனா லிஸ்ட்ல அடுத்த பேருக்கு போயிடும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவுக்காக அகலமான ரோட்டைக் கடந்து இரண்டாம் செக்டர் ஓரமாக நின்றோம். அங்கே ஒரு மூலையில் சிமெண்டுக் கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஏதோ லாரி பின்னால் வந்து இடித்துப் பெயர்த்திருக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் என் போட்டின் நங்கூரம் கயிறு அறுந்து ஏரிக்குள் போயிருந்தது. கல் நல்ல வாகாக இருந்தது. ஒரு முனை தடித்து, கயிறு கட்ட வசதியாக நடுவில் சிறுத்து. கல்லின் மேல் 24 என்று எழுதியிருந்தது. எடை என்று நினைத்தேன்.

எதுக்குடா என்று அக்கா கேட்டாள். நங்கூரத்துக்கு என்றேன். யாருதோ என்றாள். கீழ கெடக்குது என்றேன். அன்று அவள் என்னோடு அதிகம் பேசுகிற மனநிலையில் இல்லை.

கல் நன்றாகவே போட்டைப் பிடித்தது. ஆனால் தூக்கும்போதெல்லாம் இருபத்துநான்கு கிலோ வராது என்று தோன்றும். அரசாங்கக் காண்டிராக்டில் எடையிலும் கை வைக்கிறார்கள் என்று கரையில் இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அந்த ஒரு மாதமும் நான் படித்தேன். நகரிய அலுவலகத்தில் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த வரைபடத்தைப் போனில் படம் எடுத்து வந்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தத் தடவை செக்டரில் ஆரம்பித்தேன். அகல ரோடுகளுக்கு நடுவில் இருப்பது செக்டர். அதைக் குறுக்குத் தெருக்கள் வெட்டிப் பிளாக் ஆக்குகின்றன. ஒவ்வொரு செக்டரிலும் ஏ-யிலிருந்து மறுபடி ஆரம்பம். ஒவ்வொரு பிளாக்கிலும் 1-லிருந்து மறுபடி ஆரம்பம். வடக்கு எது என்று ஒரு அம்புக்குறி. அது மேலே பார்க்காமல் வலது பக்கம் பார்த்தது. அதையும் கண்டுபிடித்துப் போனைத் திருப்பினேன். போனில் படமும் கூடவே திரும்பிக்கொண்டது. பிறகு நானே தலையைத் திருப்பினேன்.

இரண்டாம் செக்டர் சி பிளாக் நீளமான செவ்வகம். நடுவில் ஒரு கோடு. அதன் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை மனைகள். வரிசைக்குப் பன்னிரண்டு. முதல் வரிசை தொட்டிப் பக்கம் 1-ல் ஆரம்பித்து அந்தக் கோடியில் 12-ல் முடிந்தது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் வரிசை தெரியவில்லை. கண்ணாடியில் அந்த இடத்தில் டியூப்லைட் விழுந்திருந்தது. டியூப்லைட் விழாத இடத்தில் என் தலை விழுந்திருந்தது.

அதனால் என்ன. முதல் வரிசை இப்படி என்றால் இரண்டாவதும் இப்படித்தானே. நோட்டில் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரியை இந்தப் பக்கமிருந்துதானே எழுதுகிறோம். அக்கா வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த கருவாட்டை இரண்டு வரிசையாக, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி அவளுக்கு விளக்கினேன். இரண்டாம் வரிசையில் தொட்டிப் பக்கமிருந்து ஐந்தாவது கருவாடு அவளுடையது. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் கலைத்துத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் காய்ந்திருந்தது.

இரண்டாவது நாள் வந்தது. இரண்டாம் செக்டர் என்ற பலகையின் கீழ் நின்று, ஆணையில் இருக்கும் 2-ஐயும் பலகையில் இருக்கும் 2-ஐயும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா பொறுமையாக நின்றாள். சி பிளாக் தூணைக் கண்டோம். முதல் தெரு மூலையில் 1 என்று கல் நின்றது. எல்லாம் கருவாடு அடுக்கினாற்போல வந்தது. பின்பக்கத் தெருவுக்குத் திரும்பினோம்.

அங்கே கல்லே இல்லை. லாரிகள் அந்த வழியாகத்தான் போய்வந்திருக்கின்றன போலும். உடைந்த துண்டுகளும், கல் இருந்ததற்கான பள்ளங்களும், மேலே படர்ந்த முள்ளும்தான் இருந்தன. மூலையில், அகல ரோட்டை ஒட்டி, ஒரு குழி. அந்தக் குழியின் அளவு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. நான் தொட்டியைப் பார்த்தேன்.

அன்றைக்கு விட்டுப்போனவர்கள் மட்டும்தான் வர வேண்டிய நாள் என்பதால் பிளாக்கில் வேறு ஆள் இல்லை. கேட்கவும் முடியாது. ஒவ்வொரு மனையும் இருபது அடி அகலம் என்று ஆணையில் இருந்தது. என் நடையில் எட்டு எட்டு. மூலையிலிருந்து எண்ணி, 13, 14, 15, 16 என்று சொல்லிக்கொண்டே நடந்து, ஐந்தாவதில் அக்காவை நிறுத்தினேன். ஆணையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பிளாக் தள்ளி அதிகாரியின் ஜீப் தெரிந்தது. கூட டேப் பிடிக்க ஒரு உதவியாளர்.

அக்கா ஒரு இடத்தில் சும்மா நிற்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தண்ணீருக்குள் நிற்கும்போதும் கைகள் சேற்றைத் தடவிக்கொண்டே இருக்குமல்லவா. இங்கே கால் தடவ ஆரம்பித்தது. தெருவோரமாக முள்ளைக் காலால் விலக்கிக்கொண்டே அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டாள். கூப்பிட்டேன். மெதுவாகத்தான் வந்தாள்.

"அந்தக் கோடியில ஒரு கல்லு நிக்குதுடா. 14-னு போட்டுக்குது."

இருக்க முடியாது என்றேன். 14 நமக்கு இந்தப் பக்கம் இரண்டாவது. நாம்தான் அதைத் தாண்டி வந்தோமே.

"நாம தாண்டினது பள்ளத்த. கல்லு அங்க நிக்குது. நட்டு நிக்குது."

யாராவது பிடுங்கி அங்கே நட்டிருப்பார்கள் என்றேன்.

அவள் சற்று நேரம் அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் பார்த்தாள். பிறகு, எறால் தடவப் போனால் நாங்கள் எப்படிப் போவோம் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும். பெண்கள் வரிசையாக இறங்கி, பனையோலைப் பையை வாயில் கடித்துக்கொண்டு, கரையிலிருந்து ஒரு பட்டை தடவிக்கொண்டே உள்ளே போவார்கள். அங்கே திரும்பி, பக்கத்துப் பட்டையைத் தடவிக்கொண்டே கரைக்கு வருவார்கள்.

"அந்தக் கோடியிலருந்து சும்மா நடந்து வந்து, மறுபடி இங்கருந்தா ஆரம்பிப்போம்? போறதும் வேல, வர்றதும் வேல. கல்லு நட்டவன் அங்க 12-அ நட்டுட்டு, 13-அ தூக்கினு இவ்ளோ தூரம் திரும்பி வருவானா?"

இது அரசாங்கம், எறால் இல்லை என்றேன்.

"கல்லு தூக்கறவனுக்கு முதுகு ஒண்ணுதான்."

ஜீப் பக்கத்து பிளாக்குக்கு வந்துவிட்டது. நான் என் கருவாட்டுக் கணக்கை இன்னொரு தடவை சொன்னேன். ஒற்றைக் கல்லை நம்பி இடம் மாறுவது ஆபத்து, கல் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகக்கூடிய பொருள் என்றேன். அந்த வாக்கியத்தை முடிக்கும்போதே, வேறு வாக்கியம் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

"ஆமா," என்றாள் அக்கா. "அன்னைக்கு ஆட்டோவுக்கு நின்னப்ப நீ ஒரு கல்லு எடுத்தியே. அதுல இன்னா போட்டுருந்துச்சு?"

இருபத்துநாலு என்றேன். எடை என்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்கருந்து எடுத்த?"

இந்த இடத்தில் நான் உண்மையாகவே யோசித்தேன் என்பதை எழுதிவிட வேண்டும். ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் எங்கோ என்றிருக்கலாம். சொன்னால் என் எண்ணிக்கையும் போய்விடும், நான் அரசாங்கக் கல்லைத் தூக்கிப் போனவன் என்பதும் நிற்கும். முப்பத்தாறு மதிப்பெண்ணில் கையிருப்பாக இருந்த அந்த ஒன்றும் அன்றைக்குப் போகப்போகிறது. ஆனால் கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்குகிறவள் அவள். ஐந்தாவது மனையில் நின்று, அதிகாரி வேறெங்கோ ஆள் இல்லை என்று எழுதிவிட்டால், அடுத்த மழைக்கும் அவள்தான் அடுக்க வேண்டும்.

மூலைக் குழியைக் கையால் காட்டினேன்.

"அப்ப அந்த மூலை 24," என்றாள் அக்கா. "13 இல்ல."

அவ்வளவுதான். தொட்டிப் பக்கத்து மூலை 24 என்றால், அந்தக் கோடி 13. முதல் வரிசையில் போனவன் திரும்பி இரண்டாம் வரிசையில் வந்திருக்கிறான். 12-க்கு முதுகில் 13. 1-க்கு முதுகில் 24. நான் அவளை நிறுத்தியிருந்தது 20-ல். இங்கிருந்து 24, 23, 22 என்று இறங்கி எண்ணினால் 17 எட்டாவதாக வந்தது. அங்கிருந்து 13, 14 என்று ஏறி எண்ணினால் ஐந்தாவதாக வந்தது. இரண்டு பக்கமிருந்து நடந்து வந்தோம். நான் என் எட்டு எட்டாக, அவள் அவள் நடையில். ஒரே மனையில் எதிரெதிரே வந்து நின்றோம். இரண்டு கோடு வெட்டினால் ஏரியில் வலையைப் போட்டுவிடலாம். அக்கா முள்ளை மிதித்து நடுவில் போய் நின்றாள். இந்தத் தடவை அரிவாளை எடுக்கவில்லை. முதலில் சார் எழுதட்டும் என்றாள்.

நான் 20-க்குத் திரும்பிப் போய் நின்றேன். ஒருவேளை அக்கா சொன்னது தப்பாக இருந்தால் ஒரு ஆள் அங்கேயும் இருக்கட்டும் என்ற முன்யோசனை. வேறு யாராக இருந்தாலும் இதை வீம்பு என்று சொல்லியிருப்பார்கள்.

அதிகாரி பக்கத்து பிளாக்கில் யாரோ ஒருவரை முடித்துக்கொண்டு, முதல் தெரு வழியாக வந்து, அந்தக் கோடியில் திரும்பி எங்கள் தெருவுக்கு வந்தார். அந்தக் கோடியில் திரும்பினார் என்பதைக் கவனித்தேன். கருவி காட்டுகிற இடம் பத்துப் பதினைந்து அடி முன்னே பின்னே போகும், பக்கத்து மனையைக் காட்டிவிடும் என்பதால் மூலைக் கல்லிலிருந்து டேப்பும் பிடித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். உதவியாளர் அந்தக் கோடி மூலையில் முள்ளை விலக்கினார். 13 உள்ளே நின்றது. அதிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தார். எண்பது அடியில் ஒரு குச்சி. நூறு அடியில் ஒரு குச்சி. இரண்டு குச்சிக்கும் நடுவில் அக்கா ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீரில் நிற்பதுபோல, கால்களைச் சற்று அகட்டி.

அதிகாரி ஆணையைப் பார்த்தார். ஆதாரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். போன மாதக் கீறல் ஆறியிருந்த கையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். படம் எடுத்தார். உதவியாளரிடம் திரும்பி, "2-சி-17, ஆள் இருக்காங்க," என்றார்.

அக்கா தலையசைத்தாள். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நகரவில்லை.

பிறகு அவர்கள் என்னிடம் வந்தார்கள். அதிகாரி கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"20-க்கு ஆள் போன தடவையே வந்துட்டாரு. நீங்க யாரு?"

தம்பி என்றேன். யாருக்கு என்று கேட்டார். கையால் காட்டினேன். தம்பி எதுக்கு மூணு மனை தள்ளி நிற்கிறார் என்பதை அவர் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதில் அவர் நல்ல பயிற்சி உள்ளவர். ஆனால் மூலைக்குப் போய்க் குழியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மூலைக்கல்தான் முக்கியம், அது இருந்தால்தான் இந்தப் பக்கமிருந்தும் டேப் பிடித்துச் சரிபார்க்கலாம், அதையே எவனோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்றார். துணி துவைக்கவா, மாடு கட்டவா, தெரியவில்லை.

"ரொம்ப மோசம் சார்," என்றேன்.

அக்கா 17-லிருந்து என்னைப் பார்த்தாள். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் சொன்னாள்.

"நாளைக்கு எடுத்துனு போய் நட்டுடு."

மறுநாள் கல்லை ஏரியிலிருந்து இழுத்தேன். ஒரு மாதத்தில் அதில் சிப்பி ஒட்ட ஆரம்பித்திருந்தது. சுரண்டினேன். பெயிண்ட் கொஞ்சம் போயிருந்தாலும் 24 தெரிந்தது. கோணிப்பையில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றினேன். என்ன என்று கண்டக்டர் கேட்டார். கல் என்றேன். கல்லை எதற்குப் பழவேற்காட்டிலிருந்து கொண்டுபோகிறாய், பொன்னேரிப் பக்கம் கல் கிடைக்காதா என்றார். இது அந்தப் பக்கத்துக் கல்தான், வந்திருந்தது, திரும்பிப் போகிறது என்றேன். அவர் டிரைவர் பக்கம் போய்விட்டார்.

குழியில் கல் சரியாக உட்கார்ந்தது. எண் தெருவைப் பார்க்கும்படி திருப்பி, மண்ணைப் போட்டு மிதித்தேன். சுற்றிலும் கொஞ்சம் ஜல்லி பொறுக்கி வந்து திணித்தேன். கையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அகல ரோட்டில் ஒரு மொபெட் வேகம் குறைந்து நின்றது. திருப்பாலைவனத்துப் பெரியவர். பின்னால் சிமெண்டு மூட்டை. அவருடைய மனையில் கடக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டாராம். முள் எதுவும் இல்லாததால் வேலை சுலபமாகிவிட்டது என்று சொன்னார். அக்காவுக்கு மனை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, படம் எடுத்துவிட்டார்கள் என்றேன். சந்தோஷப்பட்டார். பிறகு நான் மிதித்துக்கொண்டிருந்த கல்லையும் என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வாட்டி செக்டரு சரிதானே நைனா?"

எழுந்து போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.